மினிட்ஸ்: கூட்டக் குறிப்பும் இரண்டு கட்டங்களும்

மினிட்ஸ் என்றதும் நிமிடத்துக்கு நிமிடம் நடந்ததை எழுதுவது என்று பலர் நினைக்கிறார்கள். லத்தீனில் 'மினூட்டா' என்றால் சிறியது. கடிகார நிமிடமும் அதே வேரில் வந்ததுதான். ஆனால் கூட்டத்துக்கான சொல் சுருக்கமான முதல் குறிப்பைச் சுட்டியது, நேரத்தை அல்ல. தமிழில் 'கூட்ட நடவடிக்கைக் குறிப்பு'. சுருக்கமாகக் 'கூட்டக் குறிப்பு' போதும்.

இதைப் பத்தி பத்தியாக எழுதினால் முடிவு எங்கோ நான்காவது வரியில் புதைந்துவிடும். நேரமில்லாத மேலாளர் அதைத் தேட மாட்டார். அதனால்தான் இடப்பக்கம் விவாதம், வலப்பக்கம் முடிவு என்ற அட்டவணை. (இவற்றை 'இரண்டு பத்தி' என்று சொல்லாதீர்கள், அச்சில் பத்தி என்பது பாரா, நெடுவரிசை இரண்டையும் குறிக்கும். கட்டம் என்றால் குழப்பமில்லை.) வலப்பக்கத் தலைப்புக்கு 'தீர்மானம்' வேண்டாம். அது முறைப்படி முன்மொழிந்து நிறைவேற்றியதற்கான சொல். 'முடிவு' எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

ஒரு பத்தியைப் பார்ப்போம்:

"புகார்கள் தாமதமாகத் தீர்வது பற்றிப் பேசப்பட்டது. ஆள் பற்றாக்குறையே காரணம் என்றது சேவைப் பிரிவு. இரவுப் பணிக்கு இருவர் கேட்டதற்கு நிதிப் பிரிவு தயங்கியது. இறுதியில் ஒருவரை 3 மாதத்துக்கு நியமிக்க ஒப்புக்கொள்ளப்பட்டது. புகார் மென்பொருளை மாற்றுவதையும் பரிசீலிக்கலாம் எனக் கருதப்பட்டது."

முதலில் வினைச்சொற்களைப் பிடியுங்கள். 'ஒப்புக்கொள்ளப்பட்டது' முடிவு. 'பேசப்பட்டது', 'தயங்கியது' விவாதம். ஏமாற்றுவது 'பரிசீலிக்கலாம்'தான். முடிவுபோல ஒலிக்கும், ஆனால் யாரும் எதற்கும் சம்மதிக்கவில்லை.

| விவாதம் | முடிவு |
|---|---|
| 4.1 புகார் தீர்வதில் தாமதம். ஆள் பற்றாக்குறை காரணம் என்கிறது சேவைப் பிரிவு. இருவர் கேட்டதற்கு நிதிப் பிரிவு தயக்கம். | இரவுப் பணிக்கு ஒருவர், 3 மாதத்துக்கு. பொறுப்பாளர், தொடங்கும் நாள்: குறிப்பில் இல்லை. |
| 4.2 புகார் மென்பொருளை மாற்றும் யோசனை. | முடிவு எடுக்கவில்லை. |

ஒரே பத்தி இரண்டு வரிசையானதைக் கவனியுங்கள். ஒரு வரிசைக்கு ஒரு விஷயம்தான். வலப்பக்கக் கட்டத்தை வெறுமையாக விட்டால் எழுத மறந்ததா, முடிவே இல்லையா என்று தெரியாது. 'முடிவு எடுக்கவில்லை' என்று எழுதிவிடுங்கள். நிதிப் பிரிவின் தயக்கத்தையும் சுருக்குகிறேன் என்று வெட்டிவிடக் கூடாது. இருவர் கேட்ட இடத்தில் ஒருவர் ஏன் என்பதற்கு அதுதான் விடை.

யார் செய்வது, எப்போது தொடங்குவது என்பவை பத்தியிலேயே இல்லை. படிக்கும்போது அது கண்ணில் படாது, அட்டவணையில் பட்டுவிடும். அப்புறம் வருவதுதான் சோதனை: "வழக்கமா அவர்தானே பார்ப்பார்" என்று ஒரு பெயரை நீங்களே போட்டுவிடத் தோன்றும். போடாதீர்கள். தலைவரிடம் கேட்டு, அவர் சொன்ன பிறகு எழுதுங்கள்.

அட்டவணை படிப்பதற்கான நகல் மட்டுமே. தலைவர் கையொப்பமிட்ட மூலக் குறிப்பைக் கோப்பில் வைத்து, இரண்டிலும் ஒரே வரிசை எண் கொடுங்கள். தகராறு வந்தால் 4.1ஐ மூலத்தில் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.