25,000 சம்பளம் 40,000 ஆனது, ஆனால் ஏறியதா?

என் சித்தி பையன் 2014-15இல் வேலைக்குச் சேர்ந்தபோது கைக்கு வந்த மாதச் சம்பளம் 25,000 ரூபாய். அதே நிறுவனத்தில் பத்து வருடம் ஓட்டி, 2024-25இல் அது 40,000 ஆகியிருந்தது. "அறுபது சதவீதம் ஏறியிருக்குண்ணே, ஆனா கையில ஒண்ணும் நிக்கலை, நான்தான் செலவாளி ஆயிட்டேன் போல"ன்னு அவன் சொன்னபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. கணக்கைப் போட்டுப் பார்க்காமலே பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டிருக்கிறான். சரி, போட்டுப் பார்ப்போம் என்று உட்கார்ந்தோம்.

இந்தியாவில் சில்லறை விலைவாசி எவ்வளவு ஏறியது என்பதை நுகர்வோர் விலைக் குறியீட்டெண் சொல்கிறது. 2015-16 முதல் 2024-25 வரை ஆண்டுச் சராசரி பணவீக்கம் வரிசையாக 4.9, 4.5, 3.6, 3.4, 4.8, 6.2, 5.5, 6.7, 5.4, 4.6 சதவீதம். இவன் செய்தது என்ன என்றால், இந்தப் பத்தையும் கூட்டினான். 49.6 வந்தது. விலைவாசி 50 சதவீதம், சம்பளம் 60 சதவீதம், அப்போ 10 சதவீதம் லாபம்தானே என்றான்.

பலரும் சறுக்குவது இங்கேதான். இரண்டாம் வருடத்து 4.5 சதவீதம் பழைய 100 ரூபாய் மேல் ஏறுவதில்லை, முதல் வருடமே 104.90 ஆகிவிட்ட விலையின் மேல் ஏறுகிறது. வட்டிக்கு வட்டி போடுகிற கணக்குதான் இது. அதனால் கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும்: 1.049 × 1.045 × 1.036 என்று பத்து எண்களையும் பெருக்கிக்கொண்டே போனால் கடைசியில் வருவது 1.62. குறியீட்டெண்ணை நேராகப் பார்த்தாலும் இதே விடைதான். 2014-15இன் சராசரி சுமார் 119, 2024-25இன் சராசரி சுமார் 193, வகுத்தால் 1.62. அதாவது அன்று 100 ரூபாய்க்கு வாங்கிய சாமானுக்கு 2024-25இல் 162 ரூபாய் வேண்டியிருந்தது. 25,000ஐ 1.62ஆல் பெருக்கினால் 40,500. பத்து வருடம் உழைத்து, தொடங்கிய இடத்திலிருந்து 500 ரூபாய் கீழே நிற்கிறான்.

இதையே திருப்பி, 2024-25இன் 40,000 அன்றைய பணத்தில் எவ்வளவு என்று கேட்டால் வகுக்க வேண்டும். 40,000 ÷ 1.62, கிட்டத்தட்ட 24,700. இதைத்தான் மெய்ச் சம்பளம் என்கிறோம். சிலர் 40,000இலிருந்து 62 சதவீதத்தைக் கழித்து 15,200 என்று சொல்லிப் பயமுறுத்துவார்கள், அது தப்பு. அந்த 62 சதவீதம் பழைய விலையின் மேல் கணக்கிட்டது, புதிய சம்பளத்திலிருந்து அதைக் கழிக்க முடியாது.

அப்புறம் அவன் போனில் இன்னொரு பட்டியலை எடுத்துக் காட்டினான். வருமான வரித் துறை வெளியிடுகிற செலவுப் பணவீக்கக் குறியீடு, 2014-15க்கு 240, 2024-25க்கு 363. இதை வைத்துப் போட்டால் 25,000க்குச் சமம் சுமார் 37,800தான், அப்போ 2,200 ரூபாய் லாபம் என்றான். அரசு வெளியிட்ட எண் என்பதால் நம்பத் தோன்றும். ஆனால் அது நிலம், வீடு மாதிரிச் சொத்தை விற்கும்போது வரி போடுவதற்காக வைத்திருக்கிற குறியீடு. நகர்ப்புற விலைவாசி உயர்வில் 75 சதவீதத்தை மட்டும்தான் அதில் சேர்ப்பார்கள், சட்டமே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. சம்பளத்தை அதில் அளந்தால் எப்போதும் நாம் உண்மையைவிட அதிகம் வளர்ந்த மாதிரியே தெரியும்.

எங்கே கோட்டை விட்டான் என்று தேடினால், 60 சதவீத ஏற்றம் என்பதே வருடத்துக்குச் சராசரியாக 4.8 சதவீதம்தான், விலைவாசியோ 4.9க்குக் கொஞ்சம் மேலே. வித்தியாசம் இத்தனூண்டுதான். ஆனால் 2020-21இல் அவனுக்கு ஏற்றமே தரவில்லை. அந்த வருடம் விலைவாசி 6.2, அடுத்த வருடம் 5.5. விட்டதைப் பிடிக்க 2021-22இல் 12 சதவீதம் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்தது 7. அன்றைக்கு 7 சதவீதம் நல்ல ஏற்றமாகத் தெரிந்ததாம். பணவீக்கம் குறைந்தது என்று செய்தி வந்தால் விலை குறைந்தது என்று அர்த்தமில்லை, ஏறுகிற வேகம்தான் குறைகிறது. ஏறிய விலை ஏறியதுதான், அதனால் தவறிப்போன ஒரு வருடத்து ஏற்றம் அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொரு மாதச் சம்பளத்திலும் குறைந்துகொண்டே இருக்கும்.

என்னை அதிகம் பாதித்தது வேறு ஒன்று. இதுவரை ஒரே ஆளின் இரண்டு சம்பளத்தைத்தான் ஒப்பிட்டோம், அதில் பத்து வருட அனுபவமும் கலந்திருக்கிறது. அவன் அன்று சேர்ந்த அதே வேலைக்கு இன்று புதிதாக வருகிற பையனுக்கு என்ன தருகிறார்கள் என்று கேட்டேன். 28,000 என்றான். 1.62ஆல் வகுத்தால் 2014-15 பணத்தில் சுமார் 17,300. அந்த நாற்காலியின் சம்பளம் முப்பது சதவீதத்துக்கும் மேல் விழுந்துவிட்டது! இவன் கற்ற வேலை, எடுத்த பொறுப்பு எல்லாம் அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் போயிருக்கிறது. பழைய சம்பளத்தோடு ஒப்பிடும்போது ஆளை ஒப்பிடுகிறோமா, வேலையை ஒப்பிடுகிறோமா என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள், இரண்டுக்கும் விடை வேறு.

இன்னொரு விஷயமும் உண்டு. 1.62 என்பது நாட்டுக்கே பொதுவான சராசரி, 2012ஐ அடிப்படையாகக் கொண்ட தொடரில் வருவது. அதில் உணவு, பானங்களுக்குக் கிட்டத்தட்ட 46 சதவீத எடை, வீட்டுக்கு 10 சதவீதம்தான். சென்னையில் வாடகைக்கு இருக்கிறவன் கதை வேறு. இவன் 2014-15இல் மாதம் 20,000 செலவழித்தான்: வாடகை 8,000, மளிகை, காய்கறி 7,000, மற்றது 5,000. அதே அளவு வீடு, அதே அளவு சாமான் இன்று என்ன விலை என்று அவன் வீட்டுக் கணக்கையே வைத்துப் பார்த்தோம்: 15,000, 11,500, 7,500. மொத்தம் 34,000, அதாவது 1.7 மடங்கு. அவன் செலவில் நாற்பது சதவீதம் வாடகை என்பதால் பொதுச் சராசரி அவனுக்குக் குறைத்துக் காட்டுகிறது. இதைச் செய்யும்போது ஒரு கவனம் வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு பெரிய வீட்டுக்குப் போனதோ, விலை கூடிய போன் வாங்கியதோ இதில் சேராது, அது வாழ்க்கை மாறியது, விலைவாசி அல்ல. பொருளும் அளவும் மாறாமல் விலை மட்டும் மாற வேண்டும்.

1.7ஐ வைத்தால் அவன் 2014-15 நிலையில் நிற்கவே 42,500 வேண்டும். 40,000இலிருந்து அது 6.25 சதவீத ஏற்றம், அதுவும் 2024-25 விலையில். அதற்குப் பிறகு ஏறும் விலைவாசியையும் இதன் மேல் பெருக்கிக்கொள்ள வேண்டும். 42,500 என்று சம்பளச் சீட்டின் பின்பக்கம் எழுதி மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். செலவாளி என்ற பேச்சை அப்புறம் அவன் எடுக்கவில்லை.