செக் கைக்கு வந்துருச்சு, ஆனா வரவு இன்னும் வரல

எங்க மாமா ஆத்தங்குடியில டைல்ஸ் பட்டறை வச்சிருக்காரு, கணக்கு நான்தான் பாக்குறேன். மார்ச் 5ஆம் தேதி தேவகோட்டை கான்ட்ராக்டர் ஒருத்தர் பழைய பாக்கி 2,40,000ல 1,80,000க்கு ஒரு செக் குடுத்துட்டுப் போனாரு, அதுல தேதி ஏப்ரல் 15. மாமா அன்னைக்கே நோட்டுல அவர் பேருக்கு நேரா வரவு எழுதிட்டாரு. "செக்தான் கையில இருக்கேடா"ன்னாரு.

செக்ன்னா என்னன்னு பாத்தா இது புரிஞ்சுரும். கேட்ட உடனே பாங்க் குடுக்கணும், அதுதான் செக். நம்மூர்ல அந்தக் காலத்துல வியாபாரிங்க பணத்துக்கு எழுதிக் குடுத்த உண்டியல் சீட்டுலயும் பார்த்ததும் குடுக்குறது, தவணை கழிச்சு குடுக்குறதுன்னு ரெண்டு உண்டு. ஏப்ரல் 15 போட்ட செக் அந்தத் தேதி வரைக்கும் தவணை உண்டியல் மாதிரிதான், 1881ஆம் வருஷத்து செலாவணி முறிச் சட்டப்படி அது அதுவரைக்கும் செக்கே கிடையாது, வெறும் மாற்றுச்சீட்டு, சுப்ரீம் கோர்ட்டும் 1993ல இதையே சொல்லிருக்கு. மார்ச்சுலயே பாங்க்ல கொண்டுபோய் போட்டா 'பின்தேதியிட்டது'ன்னு திருப்பி அனுப்பிருவாங்க. அதனால மார்ச் 5ல மாமா கைக்கு வந்தது பணம் இல்ல, ஏப்ரல் 15ல பணம் தர்றேங்கிற எழுத்து. கான்ட்ராக்டர் கடன் 2,40,000 அப்படியேதான் நிக்குது.

வரவு வச்சதால என்ன கெட்டுப்போச்சுன்னு கேப்பீங்க. மாமா ஒரு ஆளுக்கு 3 லட்சம் வரைக்கும்தான் கடனுக்கு சரக்கு விடுவாரு. நோட்டுல பாக்கி 60,000ன்னு காட்டுனதால மார்ச் 18ல அதே ஆளு 2,20,000க்கு டைல்ஸ் கேட்டப்ப, மொத்தம் 2,80,000 தானேன்னு லோடு ஏத்திவிட்டுட்டாரு. உண்மையில அன்னைக்கு வெளிய நின்ன காசு 4,60,000. எனக்கு இதுதான் ரொம்ப முக்கியமா படுது, வருஷக் கணக்கு தப்பா போறதைவிட இந்த ஒரு லோடுதான் ஆளைச் சாய்க்கும்.

சரியான வழி என்னன்னா, செக் வந்த அன்னைக்கு தனியா ஒரு ரிஜிஸ்டர்ல ஒரு வரி எழுதணும், அவ்வளவுதான். வந்த தேதி, செக் நம்பர், பாங்க், தொகை, செக்ல இருக்குற தேதி, எந்த பில்லுக்கு. கணக்குப் பேரேட்டுல கை வைக்கக் கூடாது. குடுக்குற ரசீதுலயும் 'ஏப்ரல் 15 தேதியிட்ட செக், பணமானா மட்டுமே வரவு'ன்னு எழுதிடணும். டேலி வச்சிருக்கவங்க ரிசீப்ட் வவுச்சர்ல Ctrl+T அடிச்சு ஏப்ரல் 15 தேதி போட்டா அது அந்தத் தேதி வரைக்கும் பாக்கியைக் குறைக்காம ஒதுங்கி நிக்கும். ஏப்ரல் 15ல பாங்க்ல போடுறப்ப பாங்க் பற்று, கான்ட்ராக்டர் வரவுன்னு போட்டுக்கலாம், ஆனா பாங்க் ஸ்டேட்மென்ட்ல பணம் ஏறுறதைப் பாத்தப்புறம்தான் அடுத்த லோடை யோசிக்கணும்.

மார்ச் 31ல ஒரு குழப்பம் வரும். மார்ச் 30 தேதி போட்ட செக் அன்னைக்கே கைக்கு வந்து, பாங்க்ல போட முடியாம ஏப்ரல்ல போட்டா அது கையிருப்பு செக், மார்ச் வரவுதான், ஏன்னா அன்னைக்கே கேட்டிருந்தா பணம் வந்திருக்கும். ஏப்ரல் 15 செக்குக்கு அது கிடையாது, வருஷக் கடைசியில அது கடனாளி பாக்கியிலதான் இருக்கணும். யாராவது தப்பா எழுதிருந்தா பாங்க் ஸ்டேட்மென்ட்டோட ஒத்துப் பாக்குறப்ப மாட்டிக்கும். இப்பல்லாம் செக் ஒண்ணு ரெண்டு நாள்ல பாஸாயிருது, நோட்டுல மார்ச் 5ல வரவு வச்ச 1,80,000 மாசக் கடைசி வரைக்கும் பாங்க்ல வராம தொங்குச்சுன்னா அது பின்தேதி செக்கா இருக்கலாம்னு உடனே எடுத்துப் பாருங்க. நானும் அப்படித்தான் கண்டுபிடிச்சேன்.

ஏப்ரல் 15ல போட்டோம், மறுநாள் 'போதிய பணம் இல்லை'ன்னு திரும்பிருச்சு. பழைய வரவை அழிக்கல, திரும்புன தேதியிலயே கான்ட்ராக்டர் பற்று, பாங்க் வரவுன்னு மாத்தி எழுதி, பாங்க் புடிச்ச சார்ஜையும் தனியா எழுதினோம், நடந்தது நடந்தபடி தெரியணும்ல. அந்தத் திருப்பு மெமோ என்னைக்கு கைக்கு வந்துச்சுங்கிறதை ரிஜிஸ்டர்ல அதே வரியில குறிச்சு வச்சேன், ஏன்னா செக் திரும்புனா கேஸ் போட அதே 1881 சட்டத்துல இருக்குற 138ஆவது பிரிவுல நோட்டீஸ் அனுப்ப 30 நாள்தான் டைம், எண்ணிக்கை அங்கேருந்துதான் ஆரம்பிக்குது, நோட்டீஸ் கிடைச்சப்புறம் பணம் கட்ட அவருக்கு 15 நாள் இருக்கு.