காலுறையின் மேல்விளிம்பை மடிக்காதீர்கள்

நீண்ட விமானப் பயணம் முடிந்து எழும்போது காலணிக்குள் பாதம் நுழைய மறுக்கும். இரண்டு கால்களும் ஒரே அளவில் வீங்கியிருந்தால் பெரும்பாலும் பயமில்லை. உட்கார்ந்தே இருந்ததால் கீழே இறங்கித் தேங்கிய நீர் அது, நடந்தால் வடிந்துவிடும். கவலைப்பட வேண்டியது ஒரு கால் மட்டும் வீங்கும்போதுதான். காலின் சிரைக்குள் இரத்தம் உறைந்து கட்டியாகியிருக்கலாம். அதைத் தடுக்கத்தான் பயணத்தில் அழுத்தக் காலுறை அணிகிறார்கள்.

காலிலிருந்து இரத்தத்தை மேலே ஏற்றுவதில் இதயத்துக்குப் பங்கு குறைவு. அந்த வேலையைச் செய்வது கெண்டைச்சதை. ஒவ்வோர் அடி வைக்கும்போதும் அது இறுகி, உள்ளே ஆழத்தில் ஓடும் சிரைகளைப் பிழிகிறது. மேலே போன இரத்தம் திரும்பி வராதபடி சிரைக்குள் சிறிய வால்வுகள் தடுக்கின்றன. நடக்காதபோது இந்தப் பம்பு நின்றுவிடுகிறது. வால்வு மடல்களின் பின்புறம் பை போன்ற குழிவுகள் உண்டு. அங்கே தேங்கும் இரத்தத்தில் ஆக்சிஜன் குறையும், உறையவைக்கும் பொருள்கள் அடித்துச் செல்லப்படாமல் சேரும். இரத்தக்கட்டி பெரும்பாலும் முளைவிடுவது அந்த மூலையில்தான்.

விமானத்தைக் குற்றம் சொல்வதற்கு முன் ஒன்றை நினைவுபடுத்த வேண்டும். 1940-இல் இலண்டன் மக்கள் குண்டுவீச்சுக்கு அஞ்சிப் பதுங்கிடங்களில் சாய்வு நாற்காலிகளில் இரவைக் கழித்தார்கள். நுரையீரலில் இரத்தக்கட்டி அடைத்து இறந்தவர்களின் எண்ணிக்கை அப்போது கூடியதை மருத்துவர் கீத் சிம்ப்சன் கவனித்தார். நாற்காலியின் முன்சட்டம் தொடையின் அடிப்பகுதியை அழுத்தியிருந்தது. ஆக, முதன்மைக் குற்றவாளி அசையாமல் உட்காருவது. விமானப் பயணத்தால் வரும் இரத்தக்கட்டிக்கு வைத்த ‘எகானமி வகுப்பு நோய்’ என்ற பெயரும் அவ்வளவு பொருத்தமில்லை. பிஸினஸ் வகுப்பில் அசையாமல் தூங்குபவருக்கும் இது வரும். நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம் ஆபத்தை ஏறத்தாழ இரண்டு மடங்காக்குகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007-இல் சொன்னது. அப்படியும் சுமார் 6,000 பயணிகளில் ஒருவருக்குத்தான்.

இனி காலுறை. அழுத்தக் காலுறை கணுக்காலில் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் அழுத்தும். அகன்ற இடத்தில் சோம்பி நகரும் ஆறு குறுகிய இடத்தில் வேகமெடுப்பதுபோல, சிரை சுருங்கியதும் அதே இரத்தம் விரைந்து ஓடுகிறது. விரிந்து போன சிரையில் ஒன்றையொன்று தொடாமல் இருந்த வால்வு மடல்களும் கிட்ட வந்து மூடிக்கொள்கின்றன.

அழுத்தம் ஏன் மேலே குறைகிறது? ஒரே இறுக்கத்தில் ஒரு பட்டையைச் சுற்றினால், சுற்றளவு குறைந்த இடத்தில் அழுத்தம் அதிகம், பருத்த இடத்தில் குறைவு. ஒரு பயணியின் கணுக்கால் சுற்றளவு 22 செ.மீ., கெண்டைக்கால் 36 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். கணுக்காலில் 20 மி.மீ. பாதரச அழுத்தம் தரும் துணி, அதே இறுக்கத்தில் கெண்டைக்காலில் 20 × 22 ÷ 36, அதாவது சுமார் 12 மட்டுமே தரும். காலின் வடிவமே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. மீதியைப் பின்னலில் சரிசெய்கிறார்கள்.

இப்போது காலுறை நீளமாக இருக்கிறதென்று அந்தப் பயணி மேல்விளிம்பைக் கீழே மடித்துவிடுகிறார். அங்கே துணி இரண்டு அடுக்காகிறது, அழுத்தமும் ஏறத்தாழ இரண்டு மடங்காகி 24-ஐத் தொடுகிறது. கணுக்காலைவிட மேலே இறுக்கம் அதிகம்! இரத்தத்தை ஏற்றிவிட வேண்டிய உறை, முழங்காலுக்குக் கீழே கயிறு கட்டியதுபோல் அதை மறிக்கிறது. தவறான அளவில் வாங்கினாலும் இதே கதைதான். கணுக்காலின் மெல்லிய இடம், கெண்டைக்காலின் பருத்த இடம் இரண்டையும் வீக்கமில்லாத காலை நேரத்தில் அளந்து வாங்க வேண்டும். பயணத்துக்கு முழங்காலுக்குக் கீழே நிற்கும் உறையே போதும்.

பயன் உண்டா? 2001-இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வில், 50 வயதைத் தாண்டி எட்டு மணி நேரத்துக்கு மேல் பறந்தவர்களைச் சோதித்தார்கள். காலுறை அணியாத 116 பேரில் 12 பேருக்குக் கெண்டைக்கால் சிரையில் கட்டி. அணிந்த 115 பேரில் ஒருவருக்கும் இல்லை. ஆனால் அவை அறிகுறியே காட்டாத, ஸ்கேனில் மட்டும் தெரிந்த கட்டிகள். உயிரைப் பறிக்கும் கட்டியை உறை தடுக்கிறது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. அணிந்தவர்களில் நால்வருக்கு, சுருண்ட சிரைகள் இருந்த இடத்தில் தோலடிச் சிரை அழற்சியும் வந்தது. ஆபத்துக் காரணம் எதுவும் இல்லாதவருக்கு இடைகழியில் நடப்பதும் பாதத்தை மேலும் கீழும் அசைப்பதும் போதும். முன்பு கட்டி வந்தவர், அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர், புற்றுநோயாளி, கர்ப்பிணி ஆகியோர் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யட்டும். காலின் தமனிகளில் அடைப்பு உள்ளவர்கள் இதை அணியவே கூடாது. குறைவாக வரும் இரத்தத்தையும் உறை நெரித்துவிடும். நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு உறை வெட்டுவதுகூடத் தெரியாது என்பதால், அவர்களும் கேட்டுக்கொள்வது நல்லது.

கட்டி பயணத்தன்றே தெரிய வேண்டுமென்பதில்லை. முதல் இரண்டு வாரங்களில் ஆபத்து அதிகம், சில வாரங்கள் கழித்தும் வரலாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் அன்றே மருத்துவரிடம் போய் ஸ்கேன் செய்துகொள்ள வேண்டும். அழுத்தித் தேய்த்துவிடக் கூடாது. திடீரென மூச்சு வாங்கினாலோ, மூச்சை இழுக்கும்போது நெஞ்சு குத்தினாலோ, இருமலில் இரத்தம் வந்தாலோ, கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போயிருக்கலாம். உடனே அவசரச் சிகிச்சைக்குப் போய், எத்தனை மணி நேரம் பறந்தீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.