பட்டத்துக்குப் பின் இரண்டு ஆண்டு இடைவெளி: அமெரிக்க மாணவர் விசா நேர்காணலில் அதை எப்படிச் சொல்வது?

அமெரிக்காவில் மேற்படிப்புக்கான எஃப்-1 விசா விதிகளில், படிப்பு முடிந்து இத்தனை மாதங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. இடைவெளி இருப்பதாலேயே விசாவை மறுக்க எந்தப் பிரிவும் இடம் தரவில்லை. ஆனால் நேர்காணல் அறையில் அந்தக் கேள்வி அநேகமாக வந்தே தீரும். பலர் தடுமாறுவதும் அங்கேதான். காரணம், அவர்கள் இடைவெளியைக் குற்றமாக நினைத்து அதற்கு நியாயம் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். அதிகாரி கேட்பது நியாயத்தை அல்ல.

அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவைப் புரிந்துகொண்டால் அந்தக் கேள்வியின் பொருள் விளங்கும். விண்ணப்பிப்பவர் நிரந்தரமாகக் குடியேற வருபவர் என்றே சட்டம் முதலில் கருதுகிறது. அப்படியல்ல என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்படும்படி காட்ட வேண்டியவர் விண்ணப்பதாரர். மாணவர் விசாவுக்கு இன்னும் மூன்று காட்ட வேண்டும்: படிக்கும் தகுதி, செலவுக்குப் பணம், படிப்பு முடிந்ததும் திரும்பும் எண்ணம். “இந்த இரண்டு ஆண்டுகள் என்ன செய்தீர்கள்?” என்ற கேள்வி இவற்றையெல்லாம் ஒரே நேரத்தில் தொடுகிறது. இவர் உண்மையில் படிக்கப் போகிறாரா, அல்லது இங்கே வழி தெரியாமல் எதையாவது பிடித்துக்கொண்டு கிளம்புகிறாரா என்பதே அதிகாரியின் உள்ளே இருக்கும் கேள்வி. பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடங்களில் அவர் முடிவெடுக்க வேண்டும்.

ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். 2023 மே மாதத்தில் இயந்திரப் பொறியியல் பட்டம் பெற்றார். நேர்காணல் 2025 ஜூலையில். சேரப்போவது விநியோகச் சங்கிலி மேலாண்மையில் முதுகலைப் படிப்பு. அவர் மனப்பாடம் செய்து வைத்திருந்த பதில் இது: “பட்டத்துக்குப் பின் என் திறன்களை வளர்த்துக்கொண்டு, பல வாய்ப்புகளை ஆராய்ந்து, எதிர்கால இலக்குகளைத் தெளிவுபடுத்திக்கொண்டேன்.” இதில் ஒரு மாதம் இல்லை, ஓர் இடம் இல்லை, ஒரு வேலை இல்லை. கேட்பவருக்கு எதையோ மறைப்பதாகவே படும். இதே சொற்களை அதே காலையில் வேறு பலரும் சொல்லியிருப்பார்கள் என்பதால் ஒப்பிப்பதாகவும் படும். இரண்டு குறைகளுக்கும் வேர் ஒன்றுதான். நடந்ததைச் சொல்லாமல், நடந்ததைப் பற்றிய கருத்தைச் சொல்வது.

அவரை ஒரு தாளில் மாதங்களை மட்டும் எழுதச் சொன்னால் என்ன வரும்? 2023 ஜூன் முதல் டிசம்பர் வரை ஏழு மாதங்கள் வேலை தேடினார், கிடைக்கவில்லை. 2024 ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை எட்டு மாதங்கள், அறுவைச் சிகிச்சை முடிந்த தாயைக் கவனித்துக்கொண்டார். செப்டம்பரிலிருந்து மாமாவின் உதிரிபாகக் கிடங்கில் சரக்குக் கணக்குப் பார்க்கிறார், சம்பளம் இல்லை. அங்கிருந்தபடியே டிசம்பரில் விண்ணப்பித்தார், மார்ச்சில் இடம் கிடைத்தது. இந்தத் தாளில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. இத்தனை நாள் இதை மறைத்துவிட்டு வெற்றுச் சொற்களை அவர் மனப்பாடம் செய்தது எனக்கு வேதனையாகவே இருக்கிறது.

இதையே பதிலாக்கினால்: “முதல் ஏழு மாதங்கள் வேலை தேடினேன், கிடைக்கவில்லை. பிறகு அம்மாவுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது, எட்டு மாதங்கள் வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டேன். செப்டம்பரிலிருந்து மாமாவின் கிடங்கில் சரக்குக் கணக்குப் பார்க்கிறேன், சம்பளம் வாங்கவில்லை. சில பாகங்கள் அடிக்கடி தீர்ந்துபோகும், சில ஆண்டுக்கணக்கில் தூசி படிந்து கிடக்கும். அதைப் பார்த்துத்தான் இந்தப் படிப்பைத் தேடினேன்.” அரை நிமிடம் போதும். இங்கே நிறுத்திவிட வேண்டும். நிறுத்தத் தெரியாமல் தாயின் நோய் விவரத்துக்குள் போனாலோ, “ஆனாலும் நான் நேரத்தை வீணாக்கவில்லை” என்று சேர்த்தாலோ பதில் மன்னிப்புக் கேட்கும் தொனிக்கு மாறிவிடும். கூடுதலாக வேண்டுமென்றால் அதிகாரியே கேட்பார்.

கேட்கவும் செய்வார், பெரும்பாலும் நடுவிலேயே வெட்டி. “கிடங்கில் எத்தனை வகைப் பாகங்கள்?” “இப்போது அம்மாவை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?” “சம்பளம் இல்லையென்றால் படிப்புச் செலவு யாருடையது?” மனப்பாடம் செய்தவர் இங்கே விழுகிறார். வாக்கியம் அறுந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார், அல்லது கேட்டதை விட்டுவிட்டுத் தயாரித்து வைத்ததையே சொல்வார். ஆகவே பயிற்சி என்பது வாக்கியங்களைப் பழகுவது அல்ல. அந்த மாதத் தாளை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, உங்கள் கதையை அறியாத ஒருவரை இடையில் எங்கிருந்தாவது கேள்வி கேட்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் சொற்கள் மாறி, மாதங்கள் மாறாமல் வந்தால் நீங்கள் தயார்.

பேச்சுக்கு முன்பே பதில் சொல்லும் ஓர் இடம் உண்டு, அதுதான் விசாவுக்காக இணையத்தில் நிரப்பும் DS-160 படிவம். தற்போதைய தொழில், முந்தைய வேலை, படித்த நிறுவனங்கள் என அதில் நிரப்பியவை அதிகாரியின் திரையில் இருக்கும். வேலையில்லாதவர் NOT EMPLOYED என்று தேர்ந்தெடுத்தால் அதற்கு விளக்கம் எழுத இடம் உண்டு. அங்கே உண்மையைச் சுருக்கமாக எழுதலாம். படிவத்தில் ஒன்றும் வாயில் வேறொன்றும் வந்தால், எவ்வளவு இயல்பாகப் பேசினாலும் பயனில்லை. படிவம் அனுப்பிய பின் பிழை கண்டால் நேர்காணலுக்கு முன்பே புதிய படிவம் நிரப்பி, சந்திப்புப் பதிவில் அதன் எண்ணைச் சேர்க்க வேண்டும். நேர்காணலின்போதுதான் பிழை தெரியவந்தால், அதிகாரி கண்டுபிடிக்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள். உரிய நேரத்தில் தாமாகத் திருத்திக்கொண்டதைப் பொய்யாகக் கருதக் கூடாது என்று தூதரக அதிகாரிகளுக்கான கையேடே சொல்கிறது.

இடைவெளியை மூடப் பொய்யான பணி அனுபவக் கடிதம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அவரிடமிருந்து விலகிவிடுங்கள். 214(பி) மறுப்பு நிரந்தரமானதல்ல. மேல்முறையீடு இல்லை என்றாலும் புதிதாகக் கட்டணம் செலுத்தி மீண்டும் விண்ணப்பிக்கலாம். பொய்யான தகவலால் விசா பெற முயன்றதாக முடிவானால், அதே சட்டத்தின் 212ஆம் பிரிவு வாழ்நாள் முழுவதும் தகுதியை இழக்கச் செய்கிறது. விலக்குப் பெறும் வழி இருந்தாலும் அது எளிதல்ல. கடிதத்தில் உள்ள நிறுவனத்தைத் தூதரகம் தொலைபேசியில் அழைத்து விசாரிக்கவும் முடியும்.

நல்ல பதில் எல்லாவற்றையும் சரிசெய்துவிடாது. செலவுக்கான பணம் தெளிவாக இல்லையென்றால், அல்லது படிப்பைத் தேர்ந்தெடுத்த காரணம் நிற்கவில்லையென்றால், இடைவெளியை எவ்வளவு நேர்மையாக விளக்கினாலும் மறுப்பு வரலாம். அப்படி வந்தால் பலர் செய்யும் தவறு, அடுத்த முறை இடைவெளிக்கு வேறொரு கதை கட்டுவது. முந்தைய மறுப்பு உண்டா என்று படிவமே கேட்கிறது, முதல் நேர்காணலின் குறிப்பும் பதிவில் இருக்கும். மாதத் தாள் அதே தாளாக இருக்கட்டும். மாற்ற வேண்டியது பணமா, படிப்பா என்று பாருங்கள்.