பாதி நிறைந்த குழாயும் முழுக் கணக்கும்

குலசேகரத்துக்கு அருகே ஓர் ஊர். மேட்டில் இருக்கும் தொட்டியிலிருந்து 150 மில்லிமீட்டர் பிவிசி குழாய் வழியாகத் தண்ணீர் தானாகவே இறங்கி, ஊருக்குள் இருக்கும் தரைமட்டத் தொட்டியில் விழுகிறது. வழியில் மின்காந்த ஓட்டமானி ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். நாளொன்றுக்கு 8 மணி நேர ஓட்டத்தில் அது 230 கிலோலிட்டர் காட்டியது. வீடுகளுக்குப் போனதோ 140 சொச்சம். மீதித் தண்ணீரை யாரோ விற்கிறார்கள் என்று ஊர்க்கூட்டத்தில் பேச்சு எழுந்தது. பழி தொட்டி இயக்கும் பெரியவர் மேல் விழுந்தது. நான் போனபோது அவர் சொன்ன முதல் வார்த்தை, "தம்பி, முப்பது வருஷமாக இந்த வால்வைத் திறந்து மூடுகிறேன். ஒரு குடம் தண்ணீர்கூட வெளியே போனதில்லை" என்பதுதான்.

ஓட்டமானிகளை நிறுவிப் பழுதுபார்ப்பது என் தொழில். அவர் சொன்னதை நான் நம்பினேன். காரணத்தைச் சொல்ல, அந்தக் கருவி எப்படி அளக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அதற்குள் சுழலும் விசிறி ஏதும் இல்லை. குழாயின் மேலும் கீழும் இரண்டு கம்பிச்சுருள்கள், தண்ணீருக்குக் குறுக்கே ஒரு காந்தப் புலத்தை உண்டாக்குகின்றன. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகள் அயனிகளாக, அதாவது மின்னூட்டம் ஏறிய துகள்களாக இருக்கின்றன. அவை காந்தப் புலத்தைக் கடந்து ஓடும்போது நேர் ஊட்டம் உள்ளவை ஒரு பக்கச் சுவருக்கும் எதிர் ஊட்டம் உள்ளவை மறுபக்கச் சுவருக்கும் தள்ளப்படுகின்றன. அதனால் இரு சுவர்களுக்கும் இடையே ஒரு மின்னழுத்தம் பிறக்கிறது. இடமும் வலமும் பதித்த இரண்டு சிறிய மின்முனைகள் அதை எடுத்துக் கொடுக்கின்றன. 1832-இல் மைக்கேல் ஃபாரடே இதே தத்துவத்தை வைத்து, பூமியின் காந்தப் புலத்தில் ஓடும் தேம்ஸ் நதியின் மின்னழுத்தத்தை வாட்டர்லூ பாலத்திலிருந்து அளக்க முயன்றார். தெளிவான அளவு அவருக்குக் கிடைக்கவில்லை.

கணக்கு எளிது:

E = B × D × v

காந்தப் புலம், குழாயின் உள்விட்டம், தண்ணீரின் வேகம் மூன்றையும் பெருக்கினால் மின்னழுத்தம். புலம் 5 மில்லிடெஸ்லா, விட்டம் 0.15 மீட்டர், வேகம் விநாடிக்கு 0.45 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் கிடைப்பது ஏறத்தாழ 0.34 மில்லிவோல்ட். டார்ச் பேட்டரி ஒன்றின் 1.5 வோல்ட்டில் நாலாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. தண்ணீர் சற்று உப்பாக இருந்தாலும் நன்னீராக இருந்தாலும் இந்த அளவு மாறுவதில்லை. ஓரளவு மின்கடத்தும் திறன் இருந்தால் போதும். ஆற்று நீருக்கும் கிணற்று நீருக்கும் அது தாராளமாகவே உண்டு. தேங்காய் எண்ணெய்க்கு இல்லை. செக்கு ஆலை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இதே மீட்டரைக் கேட்டபோது வாங்க வேண்டாம் என்று தடுத்தேன்.

அந்தச் சூத்திரத்தில் தண்ணீரின் அளவு எங்குமே இல்லை என்பதைக் கவனியுங்கள். கருவிக்குத் தெரிவது வேகம் மட்டுமே. அந்த வேகத்தைக் குழாயின் முழு உள்பரப்பால் பெருக்கி, இத்தனை லிட்டர் போயிற்று என்று அது காட்டுகிறது. குழாய் நிறைந்து ஓடுகிறது என்பது அது தானாகவே எடுத்துக்கொள்ளும் முடிவு.

பெரியவரும் நானும் முதலில் தொட்டியை அளந்தோம். உள்ளளவு 5 மீட்டருக்கு 4 மீட்டர். நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் ஏறினால் 200 லிட்டர். ஊருக்குப் போகும் வால்வை அடைத்துவிட்டு, வழக்கம்போல் மேட்டு வால்வைப் பாதி திறந்து வைத்தோம். 20 நிமிடத்தில் மட்டம் 30 சென்டிமீட்டர் ஏறியது. அதாவது 6 கிலோலிட்டர், மணிக்கு 18. அதே 20 நிமிடத்தில் மீட்டர் 9.6 கிலோலிட்டரைக் கூட்டியிருந்தது.

பிறகு மேட்டு வால்வை முழுவதும் திறக்கச் சொன்னேன். அடுத்த 20 நிமிடத்தில் மட்டம் 60 சென்டிமீட்டர் ஏறியது. தொட்டிக் கணக்கில் மணிக்கு 36 கிலோலிட்டர். மீட்டரும் 36-ஐ ஒட்டியே காட்டியது. பழுதான மீட்டர் இரண்டு நிலையிலும் தவறியிருக்கும். இது ஒன்றில் தவறி மற்றதில் சரியாக இருந்தது. பெரியவரின் முகம் அப்போதுதான் தெளிந்தது.

கடைசி நூறு மீட்டர் குழாய் ஒரு வாழைத்தோட்டத்தின் ஓரமாக, கண்ணுக்குத் தெரியாத சரிவில் வருகிறது. முனை தொட்டிக்கு மேல் திறந்து கிடக்கிறது. மீட்டர் அந்த முனைக்கு 30 மீட்டர் முன்னால். வால்வைப் பாதி திறந்தால், வருகிற தண்ணீர் குழாயை நிரப்பப் போதவில்லை. அது அடியில் ஓடையைப் போல ஓட, மேலே காற்று நிற்கிறது. கணக்கிட்டுப் பார்த்தால் நீர் ஏறத்தாழ 60 சதவீத உயரம் நின்றிருக்க வேண்டும். மின்முனைகள் குழாயின் நடு உயரத்தில் இருப்பதால் அவை நனைந்தே இருந்தன. 'குழாய் காலி' என்ற எச்சரிக்கை வரவே இல்லை. வேகத்தைக் கருவி சரியாகவே அளந்தது. காற்று நின்ற இடத்தையும் தண்ணீராகச் சேர்த்துப் பெருக்கியதுதான் பிழை.

மீட்டரை இடம் மாற்றவில்லை. தொட்டியின் முனையில் ஒரு வளைவு போட்டு, குழாயை 60 சென்டிமீட்டர் மேலே ஏற்றி, பிறகு தொட்டிக்குள் திருப்பிவிட்டோம். வெளிவாய் மீட்டரைவிட உயரமாகிவிட்டதால் தண்ணீர் பின்னுக்குத் தேங்கி, மீட்டர் இருக்கும் பகுதி எப்போதும் நிறைந்திருக்கிறது. வளைவின் உச்சியில் காற்றுக்கு ஒரு சிறு துளை வைத்தோம். இல்லாவிட்டால் வளைவு நீரை உறிஞ்சி இழுத்துத் தேங்கியதைக் காலிசெய்துவிடும்.

இன்னொரு கோளாறு அன்றே கண்ணில் பட்டது. பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் ஓடத் தொடங்கியதும் மீட்டரில் எண்கள் துள்ளின. அரை மில்லிவோல்ட்டுக்கும் குறைவான சமிக்ஞையை அளக்கும் கருவிக்கு, ஒப்பிடுவதற்கு ஓர் அடிப்படை மின்னழுத்தம் தேவை. இரும்புக் குழாய் என்றால் குழாயே தண்ணீரைத் தொட்டு அதைத் தந்துவிடும். பிவிசி மின்சாரத்தைக் கடத்தாது. அதற்காகத்தான் மீட்டரின் இருபுறமும் துருப்பிடிக்காத எஃகு வளையங்களை வைத்து, மீட்டர் உடலோடும் நில இணைப்போடும் கம்பியால் இணைக்கச் சொல்கிறார்கள். அந்த வளையங்கள் மீட்டர் வந்த அட்டைப்பெட்டியிலேயே பெரியவரின் அறையில் பத்திரமாக இருந்தன. உபரி வாஷர் என்று நினைத்திருக்கிறார்கள். பொருத்தியதும் துள்ளல் நின்றது.

உங்கள் ஊர் மீட்டரைச் சோதிக்கவும் தொட்டி, நாடா, கைக்கடிகாரம் போதும். ஒரே ஒரு வால்வு நிலையில் சோதித்துவிட்டு நிறுத்தாதீர்கள். குறைந்த ஓட்டத்தில் ஒருமுறையும் முழு ஓட்டத்தில் ஒருமுறையும் பாருங்கள். குறைந்த ஓட்டத்தில் மட்டும் மீட்டர் கூடுதலாகக் காட்டினால் குழாயின் வெளிவாயைப் போய்ப் பாருங்கள்.

வளைவு போட்ட பிறகு, பாதி திறப்பில் தொட்டி மணிக்கு 18 என்றது, மீட்டர் 17.9-க்கும் 18.2-க்கும் இடையே நின்றது. பழைய நான்கு மாதக் கணக்கை ஒரு குறிப்பிட்ட விகிதத்தால் வகுத்துத் திருத்திவிடலாமா என்று ஊராட்சியில் கேட்டார்கள். முடியாது என்றேன். வால்வு எந்த நாளில் எவ்வளவு திறந்திருந்ததோ, குழாயில் நின்ற காற்றின் அளவும் அன்று அதற்கேற்ப மாறியிருக்கும். எல்லா நாளுக்கும் பொருந்தும் ஒரே விகிதம் கிடையாது. பதிவேட்டில் அந்த நான்கு மாதப் பக்கங்களின் குறுக்கே கோடு போட்டு, காரணத்தை எழுதி, தலைவர் கையெழுத்திட்டார். அதற்குக் கீழே பெரியவரும் கையெழுத்திட்டார்.