லண்டனில் எத்தனை மணிக்கு விமானம் ஏறுவது?

“லண்டன் போனால் இரண்டு நாளில் தூக்கம் சரியாகிவிடுகிறது. சென்னை திரும்பினால் மட்டும் ஒரு வாரம் படுத்துகிறதே, ஏன்?” என்று ஒரு வாசகி கேட்டிருந்தார்.

பாதி விடை எளிது. மூளையின் ஹைபோதலாமஸில் இருக்கும் உடல் கடிகாரம், வெளிச்சமே படாமல் விட்டால், பெரும்பாலானவர்களுக்கு 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் கூடுதலாக எடுத்துக்கொண்டுதான் ஒரு சுற்று முடிக்கும். மேற்கே பறந்தால் நாள் நீளும். அது அதற்குப் பிடித்த காரியம். கிழக்கே வந்தால் நாளைச் சுருக்க வேண்டும், அங்கேதான் முரண்டு பிடிக்கிறது.

மீதிப் பாதிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. இந்தக் கடிகாரத்தைத் திருத்துவது முக்கியமாகக் கண்ணில் படும் வெளிச்சம். ஆனால் அதே வெளிச்சம் ஒரு நேரத்தில் கடிகாரத்தை முன்னே தள்ளும், இன்னொரு நேரத்தில் பின்னே இழுக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள எல்லை, உடல் வெப்பநிலை மிகக் குறைந்திருக்கும் நேரம். வழக்கமாக விழிப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு அது வரும். அதற்கு முந்தைய சில மணி நேர வெளிச்சம் கடிகாரத்தைத் தாமதப்படுத்தும். பிந்தைய வெளிச்சம் முன்கூட்டும்.

இப்போது வாசகியின் கணக்கைப் போடுவோம். லண்டனில் காலை 7 மணிக்கு எழுபவருக்கு எல்லை சுமார் நாலரை மணி. குளிர்காலத்தில் அப்போது சென்னையில் காலை 10. லண்டனில் மதியம் ஒரு மணிக்குக் கிளம்பினால், பத்தரை மணி நேரப் பயணம் என்று வைத்துக்கொண்டால், இங்கே விடிகாலை 5 மணிக்கு இறங்குவார். வெயில் வந்ததும் மொட்டை மாடியில் காபியோடு உட்காருவார். உடலுக்கோ அது நள்ளிரவு தாண்டிய நேரம்! அந்த வெயில் கடிகாரத்தை லண்டனுக்கும் மேற்கே இழுக்கும். காலை வெயில் பட்டால் சரியாகிவிடும் என்ற அறிவுரை இங்கே எதிராகத்தான் வேலை செய்யும்.

இரவு 9 மணிக்குக் கிளம்பினால்? தன் வழக்கமான இரவிலேயே விமானத்தில் தூங்கி, மதியம் ஒரு மணிக்கு இறங்குவார். எல்லை தாண்டிவிட்டது, படும் வெயிலெல்லாம் சரியான பக்கம் தள்ளும்.

நம் வீடுகளில் திங்கள், சனி கிழக்கே சூலம் என்று நாள்காட்டியைப் புரட்டிவிட்டுத்தான் டிக்கெட் எடுப்பார்கள். கிழமையை விட்டுவிட்டு இறங்கும் மணியைப் பாருங்கள் என்பேன்.

விடிகாலை விமானம்தான் கிடைத்தது என்றால், 10 மணி வரை திரைச்சீலையை இழுத்து விட்டுக்கொள்ளுங்கள். வெளியே போனால் கறுப்புக் கண்ணாடி. மறுநாள் 9 மணி வரை, அதற்கடுத்த நாள் 8 மணி வரை போதும், ஏனென்றால் கிழக்கே வரும்போது கடிகாரம் நாளுக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் நகரும். நான்காம் நாளும் விடிய விடிய விழித்திருந்து, மதியம் தாண்டி எழுந்தால், அது எதிர்த்திசையில் நகர்ந்திருக்கலாம்.