மேலிருந்து எடுக்கும் சமையல் வீடியோ: முதலில் டியூப்லைட்டை அணையுங்கள்

“வத்தக்குழம்புல எண்ணெய் மிதக்கிற இடமெல்லாம் வெள்ளைக் கோடு விழுது சார், வேற கேமரா வாங்கணுமா?” என்று சமையல் வீடியோ எடுப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். வேண்டாம். அந்தக் கோடு கூரையில் எரியும் டியூப்லைட்டின் பிம்பம்.

எண்ணெய் படர்ந்த குழம்பு ஒரு கண்ணாடி. நேர் கீழே பார்க்கும் லென்ஸுக்கு அதில் தெரிவது நேர் மேலே இருப்பவைதான்: கூரை, விளக்கு, சில சமயம் போனே. எவர்சில்வர் தட்டு, மெருகேற்றிய கிரானைட் மேடை, பிளாஸ்டிக் உறை போட்ட மசாலா பாக்கெட் எல்லாம் இப்படியே காட்டிக்கொடுக்கும். போனைச் சுற்றி ரிங் லைட் மாட்டினால் குழம்புக்குள் வெள்ளை வளையமே மிதக்கும்.

அதனால் கூரை விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னலோரம் மேசையைப் போடுங்கள். வெயில் நேரே விழுந்தால் ஜன்னலில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டுங்கள். நிழலின் ஓரம் மென்மையாகிவிடும். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை நிறுத்தினால் வாணலியின் இருண்ட பாதியும் தெரியும். எனக்குப் பிடித்தது, வீடியோ ஃபிரேமின் மேல்விளிம்புப் பக்கம் ஜன்னல் இருப்பது. சுண்டைக்காயின் வளைவில் மட்டும் சின்ன மினுக்கம் விழும். அந்த மினுக்கம்தான் பார்ப்பவருக்குப் பசியைக் கிளப்பும்.

மேசை மங்கலாக, பளபளப்பில்லாமல் இருக்கட்டும். மெருகு போடாத மரப்பலகையோ இஸ்திரி போட்ட பருத்தித் துணியோ போதும். அடுத்த ஷாட்டில் கை படாத எதுவும் அதன்மேல் வேண்டாம். பாத்திர விளிம்பில் வழிந்த துளியை ஒவ்வொரு முறையும் துடையுங்கள். மேலிருந்து பார்க்கையில் கண் முதலில் அங்கேதான் போகும்.

போனில் அகலக் கோண லென்ஸ் வேண்டாம், ஓரத்துத் தட்டுகள் முட்டை வடிவமாகிவிடும். 1x லென்ஸை வைத்து, ஃபிரேம் நிரம்பும் உயரத்துக்கு ஏற்றுங்கள். திரையை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிடுங்கள். ஐபோனில் AE/AF LOCK என்று வரும். பூட்டாவிட்டால் கை உள்ளே வரும்போதெல்லாம் குழம்பின் நிறம் மாறும்.

இனி நான் கண்டிப்பாகச் சொல்வது: எரியும் அடுப்புக்கு நேர் மேலே போனைத் தொங்கவிடாதீர்கள். ஆவி லென்ஸில் படிந்து படம் மங்கும் என்பது சின்னச் சிக்கல். ஐபோனைப் பயன்படுத்த ஆப்பிள் சொல்லும் சுற்றுவெப்ப வரம்பே 35 டிகிரி செல்சியஸ்தான்; அதைவிடப் பெரிய ஆபத்து, கிளிப் வழுக்கிப் போன் கொதிக்கும் எண்ணெயில் விழுவது. பக்கத்தில் நிற்பவரின் முகத்திலும் கையிலும் எண்ணெய் தெறிக்கும். தாளிப்பதையும் பொரிப்பதையும் தள்ளி நின்று சாய்கோணத்தில் எடுங்கள். வெட்டுவது, கலப்பது, பரிமாறுவது போன்றவற்றுக்கு மட்டும் மேல்கோணம். அப்போதும் ஸ்டாண்டின் ஒரு கால், போனைத் தாங்கி நீளும் கம்பிக்கு நேர் கீழே வரட்டும், கம்பியின் மறுமுனையில் எடை தொங்கட்டும், போனை ஸ்டாண்டோடு ஒரு கயிற்றால் கட்டியிருக்கட்டும்.